முகூர்த்த ப்ளவுஸுக்கு ஆரி வேலை: நிமிடக் கணக்கில் விலை போட்ட விதம்

வீட்டில் இருந்தபடி ஆரி வேலை செய்பவர்களிடம் விலை கேட்டால், பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் தொகை சொல்கிறார்கள். சிம்பிள், மீடியம், கிராண்ட், பிரைடல் என்று நாலு தட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேட். இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பார்வைக்கு கிராண்டாக இருப்பது எல்லாமே நேரம் தின்னும் வேலை இல்லை. பெரிய குந்தன் கல்லை ஒட்டி, சுற்றி ஒரு வரிசை உருண்டை மணிச் சங்கிலியான பால் செயின் கொடுத்தால் தூரத்திலிருந்தே ஜொலிக்கும்; அரை நாளில் கழுத்து முடிந்துவிடும். அதே கழுத்தில் மெல்லிய கொடியும், ஜர்தோசிக் கம்பிச் சுருள் நிரப்பிய சின்ன மாங்காய்களும் கேட்டால் பார்வைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் மூன்று நாள் போகும். படத்தைப் பார்த்து விலை சொல்பவர் முதல் வேலையில் அதிகம் வாங்கி, இரண்டாவது வேலையில் கூலியே இல்லாமல் தைத்துக் கொடுப்பார்.

நான் விலை போடுவது வேறு மாதிரி. டிசைனைக் கோடாகவும் நிரப்பலாகவும் பிரித்து, ஒரு அங்குலக் கோட்டுக்கு எத்தனை நிமிடம், ஒரு மாங்காய்க்கு எத்தனை நிமிடம் என்று முதலில் பார்த்துவிடுவேன். சமீபத்தில் முடித்த ஒரு முகூர்த்த ப்ளவுஸை வைத்து அதை முழுவதுமாக எழுதுகிறேன். என் கை வேகம் உங்கள் கை வேகமாக இருக்காது, அதனால் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் போடும் வழியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்த வேலை

எங்கள் பகுதி அக்கா ஒருவர், மகளின் முகூர்த்தப் பட்டுப் புடவையைக் கொண்டுவந்தார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர். புடவையோடு வந்த அரக்கு நிறத் துண்டுதான் ப்ளவுஸ். அவர் போனில் காட்டிய படத்தில் பின்னால் பாட் நெக், கழுத்தைச் சுற்றி நான்கு வரிசைக் கோடு, முதுகில் எட்டு மாங்காய், முழங்கை வரை வரும் கையில் இரண்டு பட்டை, நடுவே ஆறு ஆறு மாங்காய், மேலே சிதறிய புட்டா. மாங்காய்கள் எல்லாம் ஜர்தோசி நிரப்பியவை, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு குந்தன் கல்.

படத்தைப் பார்த்த உடனே தொகை கேட்டார். "நாளைக்குச் சொல்றேன் அக்கா" என்றேன். அளவு ப்ளவுஸை வாங்கி வைத்துக்கொண்டேன். அளவு ப்ளவுஸ் கையில் இல்லாமல் விலை சொல்லவே முடியாது. கழுத்தின் ஆழமும் கையின் சுற்றளவும்தான் கோட்டின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. அகலமான ஆழக் கழுத்துக்கும் சின்னக் கழுத்துக்கும் பத்து அங்குலம்கூட வித்தியாசம் வரும்.

நூலை வளைத்து அளந்ததில் பின்கழுத்து 24 அங்குலம், முன்கழுத்து 16 அங்குலம். ஆக 40. கை விளிம்பின் சுற்று 11 அங்குலம். ஒவ்வொரு கையிலும் இரண்டு பட்டை என்றால் இரண்டு கைக்கும் 44 அங்குலம்.

மாதிரித் துண்டு

என்னிடம் ஒரு சின்னச் சட்டத்தில் எப்போதும் ஒரு துணி கட்டியிருக்கும். புதிய டிசைன் வந்தால் அதில் ஒவ்வொரு வகை வேலையையும் ஓர் அங்குலம் போட்டுப் பார்த்து, போனில் நேரம் வைத்துக் குறித்துக்கொள்வேன். ஓர் அங்குலம் மட்டும் போட்டால் கை சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் மூன்று அங்குலம் போட்டு மூன்றால் வகுப்பது சரியாக வரும். நூல் மாற்றுவது, ஊசியில் மணி கோப்பது, அறுந்ததை முடிவது எல்லாம் அந்த நேரத்துக்குள் வர வேண்டும்.

ஜரி நூலில் ஒரு வரிசை சங்கிலித் தையலுக்கு எனக்கு அங்குலத்துக்கு 1 நிமிடம். கட்பீட்ஸ் மணி வரிசை 2 நிமிடம். ஜர்தோசியைத் துண்டு துண்டாக வெட்டி நேர் வரிசையாகப் பதிப்பது 4 நிமிடம். அக்கா காட்டிய கழுத்தில் இரண்டு ஜரி வரிசை, ஒரு கட்பீட்ஸ் வரிசை, ஒரு ஜர்தோசி வரிசை. கூட்டினால் அங்குலத்துக்கு 8 நிமிடம். கையில் வரும் பட்டையும் அதே அமைப்புதான்.

மாங்காய் ஒன்றை முழுவதுமாகப் போட்டுப் பார்த்தேன். ஓர் அங்குல உயரம். கல்லைச் சுற்றி ஜர்தோசி நிரப்பவும், வெளியே மணி ஓட்டவும் சேர்த்து 30 நிமிடம். கொடியில் வரும் இலை, சில்க் நூலில் நிரப்பியது, ஒன்றுக்கு 6 நிமிடம். அப்படி 24 இலை. புட்டா என்றால் நடுவில் ஒரு கல், சுற்றி நாலு துண்டு ஜர்தோசி. ஒன்றுக்கு 4 நிமிடம். இரண்டு கையிலும் சேர்த்து 30 புட்டா.

இப்போது பெருக்க வேண்டியதுதான். கழுத்துக்கு 40 அங்குலம், 320 நிமிடம். கைப் பட்டைக்கு 44 அங்குலம், 352 நிமிடம். மாங்காய் முதுகில் எட்டு, கைகளில் பன்னிரண்டு, ஆக இருபதுக்கு 600 நிமிடம். இலைக்கு 144, புட்டாவுக்கு 120. மொத்தம் 1536 நிமிடம், அதாவது இருபத்தைந்தரை மணி நேரம். அதோடு ஊசி பிடிக்காத வேலையும் இருக்கிறது. அளவு குறிப்பது, டிசைன் இறக்குவது, சட்டத்தில் கட்டுவது, கடைசியில் பிசிறு வெட்டி முடிச்சு பார்ப்பது. இதற்கு நாலரை மணி நேரம் வைத்தேன். பலரும் இந்த நேரத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் சின்ன வேலைகளில் இதுதான் பாதி நேரத்தைப் பிடிக்கும். கழுத்தில் ஒற்றை வரிசை மட்டும் கேட்டாலும் சட்டத்தில் கட்டித்தானே ஆக வேண்டும்?

ஆக 30 மணி நேரம். நான் என் கைக்கு மணிக்கு 90 ரூபாய் வைக்கிறேன். கூலி 2700. ஜரி, இரண்டு நிற ஜர்தோசி, கட்பீட்ஸ், கல், சில்க் நூல், பசை, தாள் எல்லாம் மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கும் விலையில் சுமார் 620. ஊசித் தேய்மானத்துக்கும் சட்டத்துக் காடாத் துணிக்கும் ஒரு 80. கூலியும் பொருளும் 3400. இதற்கு மேல் பத்து சதவீதம் சேர்ப்பேன். பட்டு சொன்னபடி கேட்காது, மணிப் பொட்டலத்தில் ஓட்டை அடைத்த மணி வரும், ஒருநாள் கரண்ட் போகும். அதையெல்லாம் இந்தப் பத்து சதவீதம்தான் தாங்க வேண்டும். 3740 வந்தது.

பேரம் பேசாமல் டிசைனைப் பேசியது

மறுநாள் அக்கா தொகையைக் கேட்டதும், "மூவாயிரத்துக்குள்ள முடியும்னு நெனச்சேனே" என்றார். இந்த இடத்தில் தொகையைக் குறைத்தால் மணிக்கு 90 என்பது 70 ஆகிவிடும், வேலை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் தொகையைத் தொடாமல் டிசைனைக் காட்டிப் பேசுவேன். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்பது தாளில் இருப்பதால் இது சுலபம்.

"அக்கா, முகூர்த்தத்துக்கு ஜடை அலங்காரம் உண்டா?" என்று கேட்டேன். பூ ஜடை இடுப்பு வரை வருமாம். அப்படியென்றால் முதுகில் இருக்கும் எட்டு மாங்காயும் அன்று முழுக்கப் பூவுக்கு அடியில்தான் இருக்கும். தாலி கட்டும்போதும், மாலை மாற்றும்போதும், போட்டோவிலும் தெரிவது கைதான். முதுகில் மாங்காய்க்குப் பதில் எட்டு சின்னப் புட்டா போட்டால் 240 நிமிடம் 32 ஆகிறது. கழுத்துக் கோட்டில் ஜர்தோசி வரிசைக்குப் பதில் மெல்லிய பால் செயின் வைத்தால் அங்குலத்துக்கு 4 நிமிடம் ஒன்றரை ஆகும். 40 அங்குலத்துக்கு 100 நிமிடம் மிச்சம். இரண்டும் சேர்ந்து 308 நிமிடம், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

25 மணி நேரம், கூலி 2250. ஜர்தோசி குறைவதால் பொருள் 650. பத்து சதவீதம் சேர்த்து 3190. 3200 என்று பேசினோம். கைகளில் ஒன்றும் குறைக்கவில்லை. பொண்ணுக்கும் அதுதான் பிடித்திருந்தது. பாதிப் பணம் முன்பணமாக வாங்கிய பிறகுதான் பொருள் வாங்கப் போவேன். தையல்கூலி இதில் சேராது, அது டெய்லருக்குத் தனி. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பாவது வேலை முடிந்து டெய்லர் கைக்குப் போக வேண்டும் என்று தேதியையும் எழுதிக் கொடுத்தேன். அதைவிடக் குறைந்த நாளில் கேட்டால் கூலியில் கால் பங்கு கூடுதல். ராத்திரி உட்கார வேண்டியிருக்கும், அன்றைக்கு மற்ற வேலைகளை ஒதுக்க வேண்டியிருக்கும்.

குறிப்பதும் இறக்குவதும்

துணியை வெட்டக் கூடாது. முழுத் துண்டிலேயே முதுகு, இரண்டு முன்பக்கம், இரண்டு கை என்று அளவு ப்ளவுஸை வைத்து வெள்ளைப் பென்சிலால் வரைந்து, தையல் விளிம்புக்கு ஒரு அங்குலம் விட்டு, அந்தக் கோட்டின் மேல் சாதா நூலால் நெருங்காத ஓட்டுத் தையல் போட்டுவிடுவேன். பென்சில் கோடு வேலை முடியும் முன்பே அழிந்துவிடும், நூல் கோடு இருக்கும். டெய்லருக்கும் அதுதான் வழிகாட்டி.

கழுத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டெய்லர் லைனிங் வைத்துத் தைத்துத் திருப்பும் கோட்டிலிருந்து வேலை கால் அங்குலமாவது தள்ளி ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் மணி வந்தால் மெஷினின் ப்ரஸர் ஃபுட் மணி மேல் ஏறி உடைக்கும், இல்லாவிட்டால் தையல் விலகும். ஒற்றைக்கால் ஃபுட் இருக்கிற டெய்லராக இருந்தாலும் இந்தக் கால் அங்குலம் வேண்டும். கையிலும் அப்படித்தான். பட்டையின் இரு முனையும் கை இணையும் தையலுக்குக் கால் அங்குலம் முன்பே நிற்க வேண்டும். அந்த இடைவெளி அக்குள் பக்கம் உள்ளே போவதால் வெளியே தெரியாது.

டிசைனை ட்ரேசிங் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஓட்டை போட்டேன். ஒரு கைக்கு வரைந்த தாளைத் திருப்பிப் போட்டால் மறு கைக்கு ஆகிவிடும். மாங்காயின் வால் இரண்டு கையிலும் முன்பக்கம் பார்க்க வேண்டும் என்றால் இப்படித் திருப்பித்தான் ஆக வேண்டும். அரக்கு நிறத்துக்கு வெள்ளைப் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சில் தொட்டு, தாளின் மேல் லேசாகத் தேய்த்தால் ஓட்டை வழியே புள்ளி புள்ளியாக இறங்கும். பஞ்சு சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. பிழிந்தது போல இருக்க வேண்டும். பட்டில் முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, காய்ந்த பிறகு கறை நிற்கிறதா என்று பார்ப்பது அவசியம். அடர் நிறங்களில் பெரும்பாலும் நிற்காது. வெளிர் ரோஸ், சந்தனம் போன்ற நிறங்களுக்கு நான் மண்ணெண்ணெய் பக்கமே போவதில்லை. கார்பன் தாள் வைத்து மை தீர்ந்த பேனாவால் அழுத்தி வரைந்துவிடுவேன்.

சட்டத்தில்

பட்டுத் துண்டின் வெட்டு விளிம்பு இழை இழையாகப் பிரியும். அதனால் நாலு பக்கமும் மடித்து ஒரு தையல் ஓட்டி, அதன் மேல் காடாத் துணிப் பட்டையை இணைத்து, பிறகுதான் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். விரலால் சுண்டினால் மேளத்தோல் போல் டம் என்று கேட்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஆரி ஊசி மேலே வரும்போது துணியும் சேர்ந்து எழும், கொக்கி நூலோடு இழையையும் பிடித்துவிடும். பட்டில் அப்படி ஒரு இழை இழுபட்டால் கோடாகத் தெரியும். மாலைக்குள் துணி கொஞ்சம் தளரும். மறுபடி உட்காரும்போது கயிற்றை முறுக்கிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவேன்.

சங்கிலித் தையலில் கை பழகியவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர: முடிவில் பூட்டுவது. ஆரி சங்கிலி ஒரே நூலில் ஓடுவது. கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால், எங்கேயோ மாட்டி இழுபடும்போது வரிசை மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். கடைசிக் கண்ணியின் மேல் ஒரு சின்னக் குத்துத் தையல் போட்டு, நூலைக் கீழே இறக்கி முடிச்சிட வேண்டும். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க, கீழ்நுனியை மட்டும் பிடித்து லேசாக இழுப்பேன். மேலே கடைசிக் கண்ணி அசைந்தால் பூட்டு விழவில்லை.

முதலில் எல்லா இடத்திலும் ஜரி வெளிக்கோடு. அப்புறம் கல் ஒட்டுவது. பசை ஒரு இரவு முழுக்கக் காய வேண்டும், அதனால் இதை மாலையில் வைத்துக்கொண்டேன். வெறும் பசையை நம்பி கல் வைக்கக் கூடாது. ட்ரை க்ளீனிங்கில் பசை இளகும். கல்லின் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஜர்தோசி வந்து அணைத்துக்கொண்டால்தான் கல் நிற்கும். ஓட்டை உள்ள கல் கிடைத்தால் இன்னும் நல்லது, ஊசியாலேயே கட்டிவிடலாம்.

மாங்காய்

இந்த வேலையின் நேரமும் விலையும் மாங்காயில்தான் இருக்கின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜர்தோசி என்பது கம்பியை மெல்லிய ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய குழல். அதைத் துண்டாக வெட்டி, சாதா ஊசியில் மணி கோப்பது போலக் கோத்துப் பதிக்கிறோம். துண்டின் நீளம், ஊசி எழுந்த இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் உள்ள தூரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் துண்டு நடுவில் வளைந்து எழும்பி நிற்கும், புடவை முந்தானை அதில் மாட்டும். குறைந்தால் இரு முனையிலும் நூல் தெரியும், அல்லது இழுத்து இறுக்கும்போது சுருள் விரிந்து உள்ளே இருக்கும் நூல் பல்லிளிக்கும். விரிந்த சுருள் திரும்பச் சேராது. அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதுதான் வைக்க வேண்டும்.

நேர் வரிசை என்றால் எல்லாத் துண்டும் ஒரே அளவு. முன்கூட்டியே ஒரு தட்டில் துணி விரித்து வெட்டிக் குவித்துக்கொள்ளலாம். மாங்காயில் அது நடக்காது. வயிற்றில் அகலம், வாலில் ஒடுக்கம். சாய்வாகப் போடும் ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். ஒவ்வொன்றையும் இடத்தில் வைத்துப் பார்த்து வெட்ட வேண்டியிருக்கிறது. அங்குல அளவு மாங்காய் ஒன்றுக்கு அரை மணி ஆவதன் காரணம் இதுதான். ப்ளவுஸ் கொண்டுவருபவர்களுக்கு நான் மாதிரித் துண்டில் இருக்கும் மாங்காயையும் நேர் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி இதை விளக்குவேன். பார்த்துவிட்டால் விலையைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி போகும்.

நிரப்புவதற்கு முன் அடியில் லோடு போட வேண்டும். தடித்த பருத்தி நூலால் மாங்காயின் உட்புறத்தை நீளவாக்கில் நெருக்கமாக நிரப்பினால் மேடு கிடைக்கும். அதன் மேல் ஜர்தோசி குறுக்கே சாய்ந்து வர வேண்டும். லோடும் ஜர்தோசியும் ஒரே திசையில் ஓடினால் துண்டுகள் நூலுக்கு நடுவே அமிழ்ந்து மேடு பள்ளமாகிவிடும். லோடு வெளிக்கோட்டைத் தொடவும் கூடாது. ஒரு நூல் இடம் விட்டால்தான் ஜர்தோசியின் முனை இறங்க இடம் இருக்கும். நான் வயிற்றின் நடுவில் தொடங்கி வாலை நோக்கிப் போவேன், பிறகு திரும்பி நடுவிலிருந்து அடிப்பக்கம். ஓரத்திலிருந்து தொடங்கினால் சாய்வு போகப் போக மாறி, கடைசித் துண்டுகள் படுத்துவிடும்.

அரக்குப் பட்டில் மாதிரித் துண்டைவிட நேரம் கூடியது. என் மாதிரித் துணி ஒரு சாதா சில்க் காட்டன். அசல் பட்டின் நெசவு நெருக்கம், ஊசி இறங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடுத்தது. பன்னிரண்டு மாங்காயும் சராசரியாக ஒன்றுக்கு 36 நிமிடம் பிடித்தன.

கடைசியில் மணி. ஆரி ஊசியின் தண்டிலேயே மணிகளைக் கோத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கினால் வேகமாகப் போகும். ஆனால் கட்பீட்ஸின் வெட்டு முனை கூர்மையானது, சில்க் நூலில் கோத்தால் கொஞ்ச நாளில் அறுத்துவிடும். பாலியெஸ்டர் நூல்தான் இதற்கு. ஓட்டை சின்னதாக இருந்து ஆரி ஊசி போகாத மணிகளை ஒதுக்கி வைத்து, மெல்லிய மணி ஊசியால் தனியாகப் போட்டேன்.

கழற்றிய பிறகு

சட்டத்தில் இருக்கும்போதே பின்பக்கம் திருப்பி ஒவ்வொரு முடிச்சையும் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டினேன். அப்புறம் உள்ளங்கையை வேலையின் மேல் எல்லாத் திசையிலும் தடவிப் பார்ப்பேன். எங்கேயாவது முள்ளாகக் குத்தினால் அது ஜர்தோசியின் முனை. அதே இடம் நாளைக்குப் புடவையின் ஜரியை இழுக்கும். இரண்டு இடத்தில் குத்தியது. ஊசியால் முனையை உள்ளே தள்ளி ஒரு குத்துப் போட்டதும் அடங்கியது.

கழற்றியதும் துணி கொஞ்சம் சுருங்கும். கெட்டியாக வேலை இருக்கும் இடத்தில் இது அதிகம். கைப் பட்டையை அளந்தபோது 11 அங்குலத்தில் கால் அங்குலம் குறைந்திருந்தது. விளிம்புக்கு ஓர் அங்குலம் விட்டிருந்ததால் டெய்லர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். இதை ஒரு சீட்டில் எழுதித் துணியோடு குத்திவிட்டேன். நூல் கோட்டில் வெட்டாமல் கைப்பக்கம் கால் அங்குலம் தள்ளி வெட்டச் சொல்லி. அயர்ன் செய்வது பின்பக்கம் மட்டும், கீழே தடித்த டவல் விரித்து. கற்கள் பல ப்ளாஸ்டிக் வகை. சூடு நேரே பட்டால் பளபளப்பு மங்கிவிடும். அக்காவிடம் கொடுக்கும்போது, பாலித்தீன் கவரில் போட்டு வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்கவும், சென்ட்டை ப்ளவுஸ் மேல் அடிக்காமல் இருக்கவும் சொன்னேன். ஜர்தோசி கறுப்பதற்கு வியர்வையும் சென்ட்டும் போதும்.

கணக்கு முடித்தது

ஒவ்வொரு முறை உட்காரும்போதும் எழும்போதும் நேரத்தைச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிய தாளில் எழுதியிருந்தேன். மொத்தம் 27 மணி நேரம். மதிப்பிட்டதைவிட இரண்டு மணி அதிகம். மாங்காயில் 72 நிமிடம், மீதி பட்டு விளிம்பை மடித்துத் தைத்ததில். வாங்கிய 3200-இல் பொருள் 650 போக 2550. 27-ஆல் வகுத்தால் மணிக்கு 94 ரூபாய். நேரம் கூடியும் 90-க்குக் கீழே போகாமல் காத்தது அந்தப் பத்து சதவீதம்தான். அது இல்லாமல் 2900-க்கு முடித்திருந்தால் மணிக்கு 83 வந்திருக்கும்.

நோட்டில் இப்போது பட்டுக்குத் தனி வரிசை எழுதியிருக்கிறேன். ஜர்தோசி மாங்காய் 36 நிமிடம், விளிம்பு மடிப்பு 45 நிமிடம். மாதிரித் துண்டுக்கும் இனிமேல் அந்தந்தத் துணியையே பயன்படுத்தப் போகிறேன். ப்ளவுஸ் துண்டின் ஓரத்தில், டெய்லர் வெட்டிப் போடும் பகுதியில், ஒரே ஒரு மாங்காய் போட்டுப் பார்த்தாலே போதும். அடுத்து வந்திருப்பது டிஷ்யூ துணி. ஊசி ஓட்டை விழுந்தால் மூடாத துணி அது. பிரித்துத் திரும்பப் போட வழியே இல்லை. அதற்கு அங்குலக் கணக்கு எப்படி வருகிறது என்று ஓரத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் விலை சொல்வேன் என்று அதைக் கொண்டுவந்த பொண்ணிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.